பென்சில் லெட்டில் தொடங்கி நூல்கரி வரை: எடிசனுக்கு முந்தைய விளக்குகளை மேசையில் செய்து பார்த்த பதிவு

மின்விளக்கின் வரலாற்றில் எடிசனுக்கு முன்பே பலர் இருந்தார்கள் என்பது பரவலாகத் தெரிந்த செய்திதான். ஆனால் அவர்களில் ஒவ்வொருவரும் எந்தத் தடையை நீக்கினார், எந்தத் தடையில் நின்றுபோனார் என்பது பெயர்ப் பட்டியலைப் படித்தால் விளங்குவதில்லை. அதனால் அவர்கள் சென்ற வரிசையிலேயே சில விளக்குகளைச் செய்து, ஒவ்வொன்றும் எப்படி அணைகிறது என்று கவனித்துப் பார்த்தேன். கரி மின்னிழையின் தடிமனும் குடுவைக்குள் மிஞ்சும் காற்றின் அளவும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதே இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முக்கியமான விடை.

இதற்குத் தேவைப்பட்டவை எளிதில் கிடைப்பவையே. பேனா பென்சிலுக்குப் போடும் 0.5 மி.மீ. எச்பி லெட், பருத்தித் தையல் நூல், ஆய்வகப் பொருள் கடையில் வாங்கிய 500 மி.லி. புக்னர் குடுவை, இரண்டு துளையிட்ட ரப்பர் கார்க், தடித்த செம்புக் கம்பிகள், ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் இரட்டை நிலை வேக்குவம் பம்ப், அதனுடன் இணைத்து மிஞ்சிய காற்றின் அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கேஜ், மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்கக்கூடிய 30 வோல்ட் டிசி பவர் சப்ளை ஆகியவையே அவை. புக்னர் குடுவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் சுவர் உறிஞ்சுதலைத் தாங்கும் அளவுக்குத் தடித்தது என்பதுதான். ஊறுகாய் பாட்டில் போன்றவற்றில் வெற்றிடம் உண்டாக்கினால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கலாம். தடித்த குடுவையும் சூட்டில் விரிசல் விடக்கூடும் என்பதால், அதைச் சுற்றிக் கம்பிவலை போட்டு, முகக்கவசம் அணிந்துகொண்டுதான் எல்லாவற்றையும் செய்தேன்.

உலோகத்தின் எல்லை

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றிய ஹம்ஃப்ரி டேவி, 1802-இல் மின்கல அடுக்கின் மின்னோட்டத்தைப் பிளாட்டினப் பட்டையின் வழியாகச் செலுத்தி அதை ஒளிரச் செய்தார். மின்சாரத்தால் திடப்பொருளைச் சூடாக்கி ஒளி பெறலாம் என்பதைக் காட்டியதே அவருடைய பங்கு. பிளாட்டினத்துக்குப் பதிலாக நான் மின்னடுப்புச் சுருளில் உள்ள நைக்ரோம் கம்பியைப் பயன்படுத்தினேன். திறந்த காற்றிலேயே அது நெடுநேரம் ஒளிர்ந்தது. ஆனால் அதன் ஒளி செம்மஞ்சளைத் தாண்டவில்லை. மின்னோட்டத்தை மேலும் கூட்டியபோது வெண்மையை எட்டுமுன்பே கம்பி உருகி அறுந்தது. நைக்ரோம் சுமார் 1400 டிகிரி செல்சியஸிலும் பிளாட்டினம் 1768 டிகிரியிலும் உருகுகின்றன. பயனுள்ள வெளிச்சம் வேண்டுமானால் கம்பியை உருகுநிலைக்கு மிக அருகிலேயே வைத்திருக்க வேண்டும். அங்கே மின்னோட்டம் சற்று ஏறினாலும் விளக்கு போய்விடும்.

1841-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஃபிரெடரிக் டி மொலேன்ஸ், காற்று நீக்கிய கண்ணாடிக் கோளத்துக்குள் பிளாட்டினக் கம்பியை வைத்து, அதன்மேல் கரித்தூள் விழும்படி அமைத்தார். சூடேற்றி ஒளிரச் செய்யும் மின்விளக்குக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமை இதுவே. கரிதான் ஒளிர வேண்டும், காற்று இருக்கக்கூடாது என்ற இரண்டு எண்ணங்களும் அதில் ஏற்கெனவே இருந்தன. கரி சாதாரண அழுத்தத்தில் உருகுவதில்லை; அதற்குப் பகை ஆக்சிஜன் மட்டுமே.

காற்றில் கரி

பென்சில் லெட்டை 40 மி.மீ. நீளத்துக்கு ஒடித்து, இரண்டு செம்புக் கம்பிகளின் நுனியில் சிறு திருகுக் கவ்விகளால் பொருத்தினேன். குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை சுமார் 4 ஓம். மின்னோட்டத்தை மெல்லக் கூட்டும்போது முதலில் வெண்புகை வருகிறது. லெட்டில் ஊறவைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் ஆவியாவதால் எழும் புகை அது. வெற்றிடத்தில் பயன்படுத்துவதற்குமுன் இந்தப் புகை நிற்கும்வரை லெட்டை மங்கிய சிவப்புக்கும் குறைவான சூட்டில் வைத்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணெயெல்லாம் பம்புக்குள் போய்விடும்.

திறந்த காற்றில் லெட்டைப் பளிச்சென்று ஒளிரவிட்டால், நடுப்பகுதி கண்ணெதிரே மெலிவதைப் பார்க்கலாம். மெலிந்த இடத்தில் மின்தடை கூடுவதால் அங்கே சூடு மிகுகிறது. சூடு மிகுவதால் அந்த இடம் இன்னும் விரைவாக எரிகிறது. ஒரு நிமிடத்துக்குள் அங்கே ஒரு வெண்புள்ளி தோன்றி லெட் அறுந்துவிடும். கரியைப் பொறுத்தவரை மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: சூடேறும்போது உலோகத்தின் மின்தடை கூடுகிறது, கரியின் மின்தடையோ குறைகிறது. 12 வோல்ட்டில் நன்றாக ஒளிரும்போது என் லெட்டில் 4 ஆம்பியர் ஓடியது. அதாவது மின்தடை 3 ஓமாக இறங்கியிருந்தது. பவர் சப்ளையில் உச்சவரம்பு வைக்காமல் பேட்டரியில் நேரடியாக இணைத்தால், சூடேறச் சூடேற மின்னோட்டமும் ஏறும்.

ஸ்டார்: பாதரசத்தின் மேலிருந்த வெற்றிடம்

அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் வெலிங்டன் ஸ்டார் என்ற இளைஞர் கண்டுபிடித்த விளக்குக்கு, 1845-இல் எட்வர்ட் அகஸ்டின் கிங் என்பவரின் பெயரில் லண்டனில் காப்புரிமை பெறப்பட்டது. 76 செ.மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாயில் பாதரசத்தை நிரப்பித் தலைகீழாக நிறுத்தினால், பாதரசம் 76 செ.மீ. உயரத்தில் நின்றுகொள்ள, அதன்மேல் வெற்றிடம் உண்டாகும். அந்த இடத்தில்தான் ஸ்டார் கரித்துண்டை வைத்தார். நல்ல பம்ப் இல்லாத காலத்தில் நல்ல வெற்றிடத்தைப் பெற அவர் கண்ட வழி மிகவும் கூர்மையானது. அடுத்த ஆண்டே அவர் இளவயதில் இறந்துபோனார். பின்னால் வந்த ஜோசப் ஸ்வான் இந்தக் காப்புரிமையைப் படித்திருந்தார். தொடர்ச்சி அறுபடாமல் போனது அந்த வகையில்தான். பாதரச ஆவி நச்சு என்பதால் இதை மட்டும் நான் செய்து பார்க்கவில்லை.

வளிமம் நிரப்பிய விளக்குகள்

காற்றை நீக்குவது கடினமென்றால், அதற்குப் பதிலாகக் கரியைத் தொடாத வளிமத்தை நிரப்பலாம். ரஷ்யாவில் அலெக்சாண்டர் லொதீகின் 1870-களின் தொடக்கத்தில் தடித்த கரிக்குச்சிகளைக் கொண்டு விளக்குகள் செய்து பீட்டர்ஸ்பர்க்கில் காட்டினார். 1874-இல் காப்புரிமையும் பெற்றார். அதே 1874-இல் கனடாவின் டொரண்டோவில் ஹென்றி உட்வர்டும் மேத்யூ எவன்ஸும் நைட்ரஜன் நிரப்பிய கரிக்குச்சி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவர்களது அமெரிக்கக் காப்புரிமையின் உரிமையைப் பிற்பாடு எடிசன் வாங்கினார்.

நான் வெல்டிங் கடையிலிருந்து ஆர்கான் கொண்டுவந்தேன். குடுவையைப் பம்பால் காலி செய்து ஆர்கான் விட்டு, மீண்டும் காலி செய்து மீண்டும் விட்டபின் லெட்டை ஏற்றினேன். காற்றில் ஒரு நிமிடம்கூடத் தாங்காத லெட் இப்போது நிதானமாக எரிந்தது. ஆனால் குடுவையின் மேற்பகுதி கை வைக்க முடியாதபடி சுட்டது. ரப்பர் கார்க்கிலிருந்து வாடை எழுந்தது. வெற்றிடத்தில் கிடைக்கும் அதே வெளிச்சத்தை ஆர்கானில் பெற வேண்டுமானால் மின்னோட்டத்தைக் கணிசமாகக் கூட்ட வேண்டியிருந்தது. வளிமம் மின்னிழையின் சூட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கண்ணாடியில் சேர்ப்பதே இதற்குக் காரணம். மின்னிழை மெலிந்திருந்தால் இந்த இழப்பின் விகிதம் இன்னும் கூடும். இவர்களுடைய விளக்குகளில் கரி தடித்தே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகப் படுகிறது.

ஸ்வானின் இருபது ஆண்டுகள்

இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் 1828-இல் பிறந்து நியூகாசிலில் வேதிப்பொருள் தொழில் செய்துவந்த ஜோசப் ஸ்வான், காகிதக் கீற்றுகளைக் கரித்தூளுக்குள் புதைத்துச் சூளையில் சுட்டுக் கரியாக்கினார். 1860 வாக்கில் அவற்றைக் காற்று நீக்கிய கண்ணாடிக்குள் ஒளிரவும் செய்தார். ஆனால் விளக்கு நிலைக்கவில்லை. அவர் அந்த வேலையை ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஒதுக்கிவைத்தார். அன்றைய பிஸ்டன் பம்புகளால் ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கும் கீழே இறங்குவது கடினம். மைக்ரான் கேஜில் அது 1000 மைக்ரான். இதை நான் எளிதில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, ஏனெனில் என் பம்பை 1500 மைக்ரானில் நிறுத்தி வால்வை மூடிவிட்டால், ஏறத்தாழ 1860-இன் வெற்றிடம் கையில் கிடைத்துவிடுகிறது. முழுதும் ஓடவிட்டால் அது 30 மைக்ரான் வரை இறங்குகிறது.

1500 மைக்ரானில் பென்சில் லெட் தாராளமாக எரிந்தது. அப்படியானால் ஸ்வானின் விளக்கு ஏன் போனது? இங்கேதான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 மி.லி. குடுவையில் 1500 மைக்ரான் அழுத்தத்தில் மிஞ்சியிருக்கும் காற்றின் எடை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம்; அதில் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.27 மில்லிகிராம். அந்த ஆக்சிஜன் முழுதும் கரியோடு சேர்ந்தால், கார்பன் டைஆக்சைடாக மாறுகிறதா கார்பன் மோனாக்சைடாக மாறுகிறதா என்பதைப் பொறுத்து, 0.1 முதல் 0.2 மில்லிகிராம் கரியைத் தின்றுவிடும். 40 மி.மீ. பென்சில் லெட்டின் எடை சுமார் 14 மில்லிகிராம்; அதற்கு இது நூற்றில் ஒரு பங்கு, பொருட்டே இல்லை. ஆனால் பருத்தி நூலைச் சுட்டுப் பெறும் 0.1 மி.மீ. தடிமனுள்ள நூல்கரியின் எடை அதே நீளத்துக்கு அரை மில்லிகிராம்கூட வராது. அதற்கு இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்த இழப்பும் சீராகப் பரவாது. அதிகம் சூடான ஓரிடத்திலேயே குவிவதால் இழை அங்கே அறுந்துவிடும்.

சோதனையிலும் அதுவே நடந்தது. 1500 மைக்ரானில் நூல்கரி சிவந்து, சற்று வெளுத்து, சில நொடிகளில் ஒரு புள்ளியில் அறுந்தது. 30 மைக்ரானில் அதே வகை நூல்கரி நின்று எரிந்தது. லொதீகினும் உட்வர்டும் தடித்த கரியோடு நின்றதை அறியாமை என்று சொல்வது தவறு; அவர்களுக்குக் கிடைத்த வெற்றிடத்திலும் வளிமத்திலும் உயிரோடு இருக்கக்கூடிய கரி தடித்த கரிதான்.

இந்தக் கட்டை அவிழ்த்தவர் விளக்குச் செய்பவர் அல்லர். லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் 1865-இல் பாதரசப் பம்ப் ஒன்றை வெளியிட்டார். குறுகலான குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் பாதரசம், இரண்டு சொட்டுகளுக்கிடையே காற்றுக் குமிழைச் சிறைப்பிடித்துக் கீழே கொண்டுபோகும். இந்த வகைப் பம்புகளால் வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை எட்ட முடிந்தது. மைக்ரான் கணக்கில் அது ஒன்றுக்கும் குறைவு. இன்று நான் வாங்கிய பம்ப் எட்டும் 30 மைக்ரானோடு ஒப்பிட்டால், 19-ஆம் நூற்றாண்டின் அந்தக் கண்ணாடிக் குழாய் எவ்வளவு மேலானது என்பது விளங்கும். 1870-களில் ஆங்கிலேய அறிவியலர் வில்லியம் குரூக்ஸ் தம் வெற்றிட ஆய்வுகளில் இதன் ஆற்றலைக் காட்டியதைக் கண்ட ஸ்வான், வெற்றிட வேலையில் தேர்ந்த சார்லஸ் ஸ்டெர்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1877-இல் மீண்டும் தொடங்கினார். 1878 டிசம்பரில் நியூகாசில் வேதியியல் கழகத்தில் கரிக்குச்சி விளக்கைக் காட்டினார். 1879 பிப்ரவரியில் அதே ஊரில் பொதுமக்கள் முன் ஏற்றிக் காட்டினார்.

கரிக்குள் ஒளிந்திருக்கும் வளிமம்

பம்ப் நன்றாக இருந்தும் ஸ்வானின் விளக்குகளில் கண்ணாடி கருத்தது. இதன் காரணத்தை அவர் கண்டறிந்ததைத்தான் அவருடைய பங்களிப்புகளிலேயே மிகப் பெரியதாக நான் கருதுகிறேன், ஏனெனில் மைக்ரான் கேஜில் அதை எண்ணாகவே பார்க்க முடிகிறது. குளிர்ந்த லெட்டுடன் குடுவையை 30 மைக்ரானுக்கு இறக்கி, வால்வை மூடிவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினேன். லெட் மங்கலாகச் சிவந்ததுமே கேஜ் நூற்றுக்கணக்கில் தாவியது. வெளிச்சம் கூடக் கூட ஆயிரத்தைத் தாண்டியது. கார்க்கின் கசிவாக இருக்குமோ என்று ஐயம் எழுவது இயல்பு. அதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. மின்னோட்டத்தை நிறுத்தினால் கசிவு தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். கரியிலிருந்து வரும் வளிமமோ நின்றுவிடும். இங்கே ஏற்றம் உடனே தணிந்தது.

கரி நுண்துளைகள் நிறைந்தது. குளிர்ந்திருக்கும்போது அது பிடித்துவைத்திருக்கும் காற்றையும் நீராவியையும் எந்தப் பம்பாலும் வெளியே இழுக்க முடியாது. சூடேறினால்தான் அது விடும். அதனால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னிழையை நன்றாக ஒளிரவிட்டு, அந்த வளிமத்தையும் வெளியேற்றிய பிறகே விளக்கை மூட வேண்டும் என்பதே ஸ்வான் 1880 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. வால்வைத் திறந்துவைத்து அவ்வாறே செய்தேன். கேஜ் முதலில் ஏறியது, பின் மெல்ல இறங்கியது. மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. இறுதியில் முழு வெளிச்சத்திலும் அளவு அசையாமல் நின்ற பிறகு வால்வை மூடினேன். அதே லெட்டை அதன்பின் அணைத்து ஏற்றினாலும் பழைய தாவல் திரும்பவில்லை.

நூலைக் கரியாக்குதல்

நூல்கரி செய்வதற்கு, பருத்தி நூலைக் குதிரைலாட வடிவில் வளைத்து, இரும்புக் குழாய்த் துண்டுக்குள் நைசான கரித்தூளில் புதைத்து, வளிமம் வெளியேற ஊசித்துளை விட்ட மூடியால் மூடி, கொல்லர் உலையில் வைத்தேன். புகை நின்றதும் எடுத்துவிட்டால் நூல் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மல்டிமீட்டர் எதையும் காட்டாது. குறைந்த சூட்டில் ஆன கரி மின்சாரத்தைக் கடத்துவதில்லை. குழாய் பளிச்சென்று செம்மஞ்சளாகும்வரை காய்ச்சி, உலையிலேயே மெல்ல ஆறவிட்டு எடுத்த நூல்தான் சில நூறு ஓம் காட்டியது. நூல் நீளத்தில் சுருங்கும் என்பதால் அதை இறுகக் கட்டாமல் தளர்வாக வைக்க வேண்டும். கம்பியோடு இணைக்க, பென்சில் லெட்டைப் பொடித்து வெல்லப்பாகில் குழைத்துப் பூசிக் காயவைத்து, சிறு சுடரில் சுட்டேன்.

நூலின் இழைகள் பிரிந்து நிற்பதால் கரி எங்கும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. ஸ்வான் இதைத் தீர்க்க நூலைக் கந்தக அமிலத்தில் நனைத்தெடுத்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழப்பாகும்படி செய்தார். நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் சாயரும் ஆல்பன் மேனும் வேறொரு வழியைக் கண்டார்கள்: ஹைட்ரோகார்பன் ஆவியில் மின்னிழையை ஒளிரவிட்டால், மெலிந்த, அதிகச் சூடான இடத்தில்தான் ஆவி அதிகம் சிதைந்து கரியாகப் படியும், பழுது தானே நிரம்பும். 1879-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். குடுவையை 30 மைக்ரானுக்கு இறக்கியபின் மிகச் சிறிதளவு லைட்டர் வாயுவை உள்ளே விட்டு இதைச் செய்தேன். குடுவையில் காற்று மிஞ்சியிருந்தால் இது வெடிக்கும். அதைத் தவிர்க்க முடியாதவர்கள் இதைச் செய்யவே கூடாது. நூல்கரியில் ஓரிடம் மற்ற இடங்களைவிட வெளுத்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளுப்பு தணிந்து, இழை முழுவதும் ஒரே நிறமாயிற்று. ஆறியபின் பார்த்தால் கறுப்பு மறைந்து, ஈயம்போன்ற சாம்பல் பளபளப்பு ஏறியிருந்தது. மின்தடையும் குறைந்திருந்தது.

எடிசன் சேர்த்தது

எடிசன் 1878-இல் இந்த வேலைக்கு வந்தபோது மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்தன. ஜெர்மனியின் பான் நகரத்துக் கண்ணாடிக் கருவி வல்லுநர் கெய்ஸ்லர் 1857 முதலே தம் மின்னொளிக் குழாய்களில் பயன்படுத்திய, காற்றுப் புகாதபடி பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடியில் பதிக்கும் முறையும் இருந்தது. கண்ணாடியும் பிளாட்டினமும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் அந்த இணைப்பு விரிசல் விடுவதில்லை. எடிசன் சேர்த்தது, மின்னிழையின் மின்தடை உயர்ந்திருக்க வேண்டும் என்ற முடிவு. அதற்கான காரணத்தை என் பென்சில் விளக்கின் கணக்கிலேயே காட்டிவிடலாம்.

12 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் பத்து விளக்குகளைப் பக்க இணைப்பில் ஏற்றினால் 40 ஆம்பியர் ஓட வேண்டும். கொண்டுபோகும் கம்பியின் மின்தடை மொத்தம் 0.1 ஓம் என்றாலே அதில் 4 வோல்ட் போய்விடும். விளக்குகளுக்கு 12 கிடைக்க, மூலத்தில் 16 கொடுக்க வேண்டும். 160 வாட் கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். அதே 48 வாட் விளக்கை 110 வோல்ட்டுக்குச் செய்தால், ஒவ்வொன்றும் 0.44 ஆம்பியர்தான் எடுக்கும். பத்துக்கும் சேர்த்து 4.4 ஆம்பியர், அதே கம்பியில் வீணாவது 2 வாட் அளவே. ஆனால் அந்த விளக்கின் மின்தடை 3 ஓமாக இருக்க முடியாது. 250 ஓம் வேண்டும். அதற்குக் கரி நீளமாகவும் மிக மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய கரி பிழைத்திருக்க ஸ்ப்ரெங்கலின் வெற்றிடம் வேண்டும். 1879 அக்டோபரில் எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தில் நிலைத்து எரிந்த நூல்கரி விளக்கு இவை மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம். 1880 ஜனவரியில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் ஸ்வானோடு வழக்காடிக்கொண்டிருப்பதைவிடச் சேர்வதே மேல் என்று 1883-இல் இரு தரப்பும் ஒரே நிறுவனமாயின.

சாயர்–மேன் தரப்பும் ஒரு வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றது. நாரும் நெசவும் உள்ள எல்லாப் பொருள்களின் கரிக்கும் தங்களுக்கே உரிமை என்று அவர்கள் கோரினார்கள். எல்லா நாருக்கும் பொதுவான தகுதி எதையும் அவர்கள் காட்டவில்லை. பலவற்றைச் சோதித்து மூங்கிலுக்கு வந்தவர் எடிசனே என்று சொல்லி நீதிமன்றம் 1895-இல் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை உலையருகே நின்று பார்க்கலாம். ஒரே குழாயில் ஒன்றாகச் சுட்ட தேங்காய் நார் முறுகி உதிர்ந்தது. சணல் பிசிறு பிசிறாகப் பிரிந்தது. நேர்நாராகச் சீவிய மூங்கில் மட்டும் தொட்டால் வில்போல வளைந்து மீண்டது.

என் அமைப்பில் இப்போது எஞ்சியிருக்கும் குறை ரப்பர் கார்க்தான். சூடேறினால் அதுவே வாயுவை விடுகிறது என்பதால், பம்பை நிறுத்திய பின் நூல்கரி விளக்கு நெடுநேரம் தாங்குவதில்லை. அடுத்து, பழைய குண்டு பல்புகளிலிருந்து கம்பியோடு கூடிய கண்ணாடித் தண்டை அறுத்தெடுத்து, அதை ஊதுகுழல் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு குடுவையின் கழுத்தில் ஒட்டவைத்து, மூங்கில் கரியை அதில் ஏற்றப் போகிறேன்.